சரிக்கட்டு

‘ஆளைச் சரிக்கட்டிவிட்டான்’ என்றால் பேச்சில் கொஞ்சம் வில்லங்கமான பொருள். கணக்கில் அந்த வாடை இல்லை. சரி, கட்டு என்ற இரண்டும் சேர்ந்து, சமன் செய்வதைக் குறிக்கின்றன. சித்தூர்த் தெலுங்கில் இதற்குச் சர்துபாட்டு என்பார்கள்.

சித்தூரில் ஒரு மாங்கூழ் ஆலையை வைத்துக்கொள்வோம். மார்ச்சில் பழுதுபார்க்கும் ஆட்கள் மட்டுமே வேலை செய்கிறார்கள். சம்பளம் சனிக்கிழமை. 2026 மார்ச் 31 செவ்வாய். திங்கள், செவ்வாய்க் கூலி ரூ.12,000 கொடுபட வேண்டியது. அதைச் செலவில் கூட்டிப் பொறுப்பாகவும் காட்ட வேண்டும். காப்பீட்டுக்கு 2025 ஜூலை 1-ல் ஓராண்டுக்குக் கட்டியது ரூ.1,20,000. அதில் மூன்று மாதப் பங்கு ரூ.30,000 அடுத்த ஆண்டுக்கானது. செலவிலிருந்து கழித்துச் சொத்தாக வைக்கலாம்.

தடுமாற்றம் வாடகையில்தான். ஆலையின் திருப்பதி கிடங்குக்கு பிப்ரவரி 1-ல் ஆறு மாத வாடகை ரூ.1,80,000 முன்பணமாக வந்துவிட்டது. பணம் கையில் இருப்பதால் முழுவதையும் வருமானத்தில் எழுதிவிடுகிறார்கள். இரண்டு மாதத்துக்கான ரூ.60,000 மட்டுமே இந்த ஆண்டினுடையது. மிச்சம் ரூ.1,20,000, குத்தகைதாரருக்கு நாம் இன்னும் தர வேண்டிய இடவசதி, ஆகவே பொறுப்பு.

சரிக்கட்டுக்கு முன் லாபம் ரூ.8,00,000. கூலியைக் கழித்து, காப்பீட்டைக் கூட்டி, வாடகையைக் கழித்தால் ரூ.6,98,000. வங்கி இருப்பில் ஒரு ரூபாய்கூட மாறவில்லை.

ஏப்ரல் 4 சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது ரூ.12,000-ஐ அந்தப் பொறுப்புக் கணக்கில் பற்று வைக்காமல், முழுத் தொகையையும் புதிய ஆண்டின் கூலியில் எழுதினால், அதே இரண்டு நாள் கூலி இரண்டு ஆண்டிலும் செலவாகிவிடும். பழைய பொறுப்பு தீராமல் நிற்பதைப் பார்த்தே இந்தத் தவறைப் பிடிக்கலாம்.