தராசில் ஏறும் தண்ணீர்: உருளைக்கிழங்கின் கலோரிக் கணக்கு

ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட பழைய உணவு அட்டவணை, 100 கிராம் பச்சை உருளைக்கிழங்குக்கு 97 கிலோகலோரி என்றது. அதே நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுப் பகுப்பாய்வு அட்டவணையில் அது ஏறத்தாழ 70ஆக இறங்கிவிட்டது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் காரணம் எளிதில் பிடிபடும். பழைய அட்டவணையின் கிழங்கில் நீர் நூற்றுக்கு 75 பங்குக்குச் சற்றே குறைவு. புதியதில் 80ஐத் தாண்டுகிறது. கிழங்கின் ஆற்றல் பெரும்பாலும் மாவுச்சத்தில் இருப்பதால், நீர் கூடும் அளவுக்குக் கலோரி குறைந்தாக வேண்டும். அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே இத்தனை வேறுபாடு. ஆகவே ‘ஒரே எடை உருளைக்கிழங்கு’ என்று தொடங்கும் எந்த ஒப்பீட்டிலும், அந்த எடையில் எத்தனை பங்கு நீர், அது சமைக்கும் முன் நிறுத்த எடையா, சமைத்த பின் நிறுத்த எடையா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் நெடுஞ்சாலை வழியாக எண்ணூர் போகும் ஒருவர், காலையில் பூரி மசாலாகவும் மாலையில் சிப்ஸாகவும் ஒரே கிழங்கைச் சந்திக்கலாம். அந்த இரண்டையும், அவித்ததையும் சுட்டதையும் சேர்த்து, ஒரு கிலோ கிழங்கை வைத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். தோல் நீக்கிய ஒரு கிலோவில் 200 கிராம் திடப்பொருள், 800 கிராம் நீர் என்று கொள்வோம். அமெரிக்க வேளாண் துறை அட்டவணையில் பச்சைக் கிழங்குக்கு 77, அவித்ததற்கு 87, தோலோடு சுட்டதற்கு 93 என்று தொடர் மதிப்புகள் கிடைப்பதால் அதையே அடிப்படையாக எடுக்கிறேன். நம் கிலோவில் இருப்பது 770 கிலோகலோரி.

அவிப்பதில் சொல்ல அதிகமில்லை. தோலோடு அவித்தால் எடை பெரிதாக மாறுவதில்லை, ஆற்றலும் மாறுவதில்லை. தோல் சீவித் துண்டுபோட்டு அவித்தால் கொஞ்சம் மாவும் உப்புகளும் நீரில் கரைந்து போகும். 77க்கும் 87க்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் வேறு வேறு கிழங்குகளைப் பகுத்ததால் வந்தது. கொதிநீர் எதையும் ‘சேர்ப்பதில்லை’.

சுடும்போது ஆவியாக நீர் வெளியேறுகிறது. ஒரு கிலோ கிழங்கு 830 கிராமாகச் சுருங்கினால், அதே 770 கிலோகலோரி 830 கிராமுக்குள் அடங்கும்; நூறு கிராமுக்கு 93. அட்டவணை சொல்லும் எண்ணும் அதுவே. சுட்டதால் ஒரு கலோரிகூட கூடவில்லை, தராசிலிருந்து 170 கிராம் தண்ணீர் இறங்கியது, அவ்வளவுதான். நம் வீடுகளில் ‘ரோஸ்ட்’ என்று சொல்வதோ தோசைக்கல்லில் எண்ணெய் விட்டுப் புரட்டுவது. அதைச் சுட்ட கிழங்கின் கணக்கில் வைக்கக் கூடாது. ஊற்றிய எண்ணெயைத் தனியே கூட்டியாக வேண்டும்.

மசித்தல் வேடிக்கையான இடம். பாலும் வெண்ணெயும் சேர்த்த மேலைநாட்டு மசியலுக்கு நூறு கிராமுக்கு 113 என்கிறது அதே அட்டவணை. நம் பூரி மசாலைப் பார்ப்போம். ஒரு கிலோ அவித்த கிழங்கு, கால் கிலோ வெங்காயம், 45 கிராம் எண்ணெய், கெட்டிப்பட 30 கிராம் கடலை மாவு, 600 மில்லி தண்ணீர். ஆற்றல் மொத்தம் 1,390 கிலோகலோரி அளவில் வரும். கொதிக்கையில் நூறு கிராம் ஆவியானாலும் மசாலின் எடை 1,800 கிராமுக்கு மேல் நிற்கும். நூறு கிராமுக்கு ஏறத்தாழ 76. அதாவது எண்ணெய் ஊற்றித் தாளித்த மசால், எடைக்கு எடை, எண்ணெயே படாத அவித்த கிழங்கைவிடக் கலோரி குறைந்தது! இதைக் கொண்டு மசால் ‘இலேசான’ உணவு என்று யாராவது முடிவுக்கு வந்தால், அவர் உண்பது கிழங்கையும் எண்ணெயையும் மட்டுமல்ல, 600 மில்லி தண்ணீரையும்தான் என்று நினைவூட்ட வேண்டியிருக்கும். ஒரு கிலோ கிழங்கு என்று பார்த்தால் 770 என்பது 1,390 ஆகிவிட்டது.

மசிக்கும் செயலே ஆற்றலைக் கூட்டாதா என்ற கேள்வி நியாயமானது. 2011இல் ரேச்சல் கார்மடி, ரிச்சர்ட் ராங்கம் முதலியோர் எலிகளுக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பச்சையாகவும், இடித்தும், சமைத்தும் கொடுத்து எடையைக் கவனித்தார்கள். சமைத்ததன் விளைவு இடித்ததன் விளைவைவிடப் பெரிது. பச்சை உருளை மாவின் மணிகள் சிறுகுடல் நொதிகளுக்கு எளிதில் வசப்படாதவை. வெந்து நீர் ஏறி வீங்கிய பிறகே முழுதாகச் செரிக்கின்றன. ஆகவே பச்சைக் கிழங்குக்குத் தரப்படும் 77 ஓரளவு தாள்கணக்கே. வெந்த கிழங்கை மசித்தால் சர்க்கரை இரத்தத்தில் ஏறும் வேகம் கூடலாம். அந்த வேகத்தைக் கலோரியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. வெந்ததை ஆறவிட்டால் மாவின் ஒரு சிறு பகுதி மறுபடி இறுகிச் செரிக்காத வடிவம் பெறும். அந்தக் கழிவு சிறியது; ஒரு கரண்டி எண்ணெய் அதை விழுங்கிவிடும்.

சிப்ஸில்தான் கணக்கு உண்மையிலேயே மாறுகிறது. மெல்லிய சீவல் கொதிக்கும் எண்ணெயில் விழுந்ததும் நீர் ஆவியாகச் சீறிக்கொண்டு வெளியேறும். அந்தச் சடசடப்பு அடங்கினால் நீர் தீர்ந்தது என்று சிப்ஸ் போடுபவர் காதாலேயே அறிவார். சீறும் வரை, வெளியே தள்ளும் ஆவி எண்ணெயை உள்ளே விடாது. ஜல்லிக்கரண்டியில் அள்ளி மேலே தூக்கியதும், சீவல் ஆறி, உள்ளிருக்கும் ஆவி நீராகச் சுருங்குகிறது. அந்த வெற்றிடம் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் எண்ணெயை உறிஞ்சுகிறது. சிப்ஸில் சேரும் எண்ணெயின் பெரும்பகுதி இப்படி, சட்டியை விட்டு வெளியே வந்த பின்னரே உள்ளே போகிறது.

முடிவில் நீர் நூற்றுக்கு 2, எண்ணெய் 35, கிழங்கின் திடப்பொருள் 63 என்று கொள்ளலாம். நம் 200 கிராம் திடப்பொருள் 317 கிராம் சிப்ஸாகிறது. அதில் 111 கிராம் எண்ணெய். மொத்த ஆற்றல் சுமார் 1,770 கிலோகலோரி, நூறு கிராமுக்கு 558. அட்டவணைகள் 530 முதல் 550 வரை சொல்கின்றன. எடைக்கு எடை பச்சைக் கிழங்கைப்போல் ஏழு மடங்கு. கிழங்குக்குக் கிழங்கு 2.3 மடங்கு. இரண்டும் உண்மை. ஏழு மடங்கை மட்டும் சொல்பவர், நூறு கிராம் சிப்ஸை உண்பவர் 315 கிராம் கிழங்கை உண்கிறார் என்பதை மறைக்கிறார். 2.3 மடங்கை மட்டும் சொல்பவர், அந்த 315 கிராமும் கைப்பிடிகளுக்குள் அடங்கி, வயிறு அறியும் முன் தீர்ந்துவிடுவதை மறைக்கிறார். அந்த நூறு கிராமில் 243 கிலோகலோரி கிழங்கினுடையது, 315 எண்ணெயினுடையது.

எண்ணெயின் அளவு கிழங்கைப் பொறுத்தும் மாறும். நீர் எவ்வளவு வெளியேறுகிறதோ அவ்வளவு துளைகள். துளைகளில்தான் எண்ணெய் தங்குகிறது. சிம்லாவின் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் வெளியிட்ட குஃப்ரி சிப்சோனா இரகங்கள், திடப்பொருள் நூற்றுக்கு 20க்கு மேல் இருக்க வேண்டும் என்ற நோக்கோடு வந்தவை. கடையில் கிடைக்கும் கிழங்கைச் சோதிக்க, ஒரு லிட்டர் நீரில் 125 கிராம் உப்பைக் கரைத்து அதில் போட்டால் போதும். மூழ்கினால் திடப்பொருள் ஏறத்தாழ 20க்கு மேல், மிதந்தால் குறைவு. மிதக்கும் கிழங்கு பூரி மசாலுக்கு ஆகும். சிப்ஸுக்குப் போட்டால் சீவல் குறைவாகவும் எண்ணெய் மிகுதியாகவும் கிடைக்கும். மூழ்கிய கிழங்கிலும், சட்டியிலிருந்து எடுத்த கணமே கரண்டியை உதறாமல் ஆறவிட்டால், வடிந்து சட்டிக்குத் திரும்ப வேண்டிய எண்ணெய் சீவலுக்குள்ளேயே போய்விடும்.