ஸ்கார்ட் சாக்கெட்

பழைய ஐரோப்பிய டிவிகளின் முதுகில் உள்ள, 21 முனைகள் கொண்ட அகலமான சாக்கெட். பிரான்ஸில் உருவானது, அங்கே இதற்குப் பெரிடெல் என்றும் பெயர். இந்திய டிவிகளில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு துளைகளே வழக்கம். ஆகவே விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ இது கண்ணில் பட்டால், பக்கத்துப் புதுச்சேரிக்குப் பிரான்ஸிலிருந்து வந்த பெட்டியாக இருக்க வாய்ப்புண்டு.

அப்படியொரு பெட்டியில் உள்ளூர் கேபிள் செட்டாப் பாக்ஸை இணைக்க, மூன்று துளைகள் கொண்ட சாதாரண அடாப்டர் போதும். அது மஞ்சள் வயரின் படத்தை 20ஆம் முனைக்கும், வெள்ளையின் இடது ஒலியை 6க்கும், சிவப்பின் வலது ஒலியை 2க்கும் கொண்டுபோகும். படம் வராவிட்டால் அடாப்டரின் சிறு சுவிட்ச் IN பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். OUT பக்கம் இருந்தால் டிவியின் படம் வெளியேறும் 19ஆம் முனையோடுதான் இணைப்பு. 8ஆம் முனையில் சுமார் 12 வோல்ட் வந்தால் டிவி தானாக ஏவி-க்கு மாறும். இந்த அடாப்டர் அதைத் தராது; ரிமோட்டில்தான் மாற்ற வேண்டும்.

படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் அடாப்டர்மேல் பழி போடாதீர்கள். நம் ஊர் முறை பால். பழைய பிரெஞ்சுப் பெட்டிகள் சில செகாம் நிறத்தை மட்டுமே அறியும். சிவப்பு 15, பச்சை 11, நீலம் 7 என நிறங்கள் தனித்தனியாக வந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

ஹெச்டிஎம்ஐ மாற்றிகள் தனி மின்சாரம் வேண்டுபவை, ஒரு திசையில் மட்டுமே வேலை செய்பவை. மலிவானவை பல 20ஆம் முனையை மட்டுமே படிக்கும். எழுத்தோரங்களில் புள்ளிகள் ஊர்வது அதற்கு அடையாளம்.