மழைக்கு 30%... லாட்டரிக்கு 29 கோடியில் 1... இரண்டையும் ஒரே மாதிரி படிக்கலாமா?

செல்போனில் வானிலை ஆப்பைத் திறந்தால் 'மழை 30%' என்று காட்டுகிறது. அமெரிக்காவின் பவர்பால் லாட்டரியோ, ஜாக்பாட் பரிசுக்கான வாய்ப்பு சுமார் '29 கோடியில் 1' என்கிறது. இரண்டுமே வாய்ப்பைச் சொல்லும் எண்கள்தான். ஆனால் இரண்டும் சொல்ற விஷயம் வேற. எப்படி என்று பார்க்கலாம்.

நிகழ்தகவு, ஆட்ஸ்: என்ன வித்தியாசம்?

ஒரு பையில் 3 சிவப்பு கோலி, 7 நீல கோலி இருக்கின்றன. கண்ணை மூடி ஒன்றை எடுத்தால் சிவப்பு வர எவ்வளவு வாய்ப்பு? மொத்தம் 10-ல் 3. அதாவது 30%. இதுதான் நிகழ்தகவு. இதில் மொத்த எண்ணிக்கையோடு ஒப்பிடுகிறோம்.

ஆட்ஸ் என்பது அப்படி இல்லை. கிடைப்பதைக் கிடைக்காததோடு ஒப்பிடுவது. அந்தக் கணக்கில் சிவப்புக்கு ஆட்ஸ் '3-க்கு 7'. இதை அப்படியே 3/7 என்று வகுத்தால் 43% வரும், அது தப்பு. இரண்டையும் கூட்டி 10 ஆக்கி, அதால் 3-ஐ வகுத்தால்தான் சரியான 30% கிடைக்கும்.

லாட்டரியில் ஏன் குழப்பம் தெரிவதில்லை?

பவர்பாலில் 69 வெள்ளைப் பந்துகளில் 5, 26 சிவப்புப் பந்துகளில் 1 எடுப்பார்கள். வெள்ளைப் பந்துகளை 1,12,38,513 விதமாகத் தேர்வு செய்யலாம். அதை 26-ஆல் பெருக்கினால் 29,22,01,338. ஜாக்பாட் விழுவது இதில் ஒரே ஒரு சேர்க்கைக்குத்தான்.

ஆக, '29,22,01,338-ல் 1' என்பது உண்மையில் நிகழ்தகவு. ஆனால் லாட்டரிக்காரர்கள் இதைத்தான் 'ஆட்ஸ்' என்கிறார்கள். சரியான ஆட்ஸ் '1-க்கு 29,22,01,337'. கடைசி எண்ணில் ஒன்றுதான் குறைகிறது! வாய்ப்பு இவ்வளவு சின்னதாக இருக்கும்போது இரண்டையும் மாத்திச் சொன்னாலும் பாதிப்பில்லை. மழையில் அதே தவறைச் செய்தால் 30% என்பது 43% ஆகிவிடும்.

இந்த எண் பந்துகளை எண்ணிக் கிடைத்தது. விதி மாறாதவரை ஒவ்வொரு குலுக்கலிலும் ஒரு டிக்கெட்டுக்கு இதே வாய்ப்புதான்.

மழை 30% என்றால் என்ன?

அமெரிக்க தேசிய வானிலை சேவையின் விளக்கப்படி, முன்னறிவிப்பில் சொன்ன நேரத்துக்குள், அந்தப் பகுதியில் ஏதாவது ஓர் இடத்தில் நீங்கள் நின்றால், அங்கே குறைந்தது 0.01 அங்குலம், அதாவது கால் மில்லிமீட்டர் மழை பெய்ய 30% வாய்ப்பு. 'நாளில் 30% நேரம் பெய்யும்' என்றோ, 'ஊரில் 30% இடத்தில் பெய்யும்' என்றோ அர்த்தம் இல்லை. எவ்வளவு கனமாகப் பெய்யும் என்பதையும் இது சொல்லாது.

நம்ம ஊர் செய்தியில் வரும் 'ஓரிரு இடங்களில் மழை' என்பது வேறு கணக்கு. இந்திய வானிலை ஆய்வு மையத்தின் வகைப்பாட்டில் அது பரப்பைக் குறிக்கும் சொல்: அந்தப் பகுதியிலுள்ள நிலையங்களில் அதிகபட்சம் 25% வரை மழை பதிவாகும் என்று பொருள். ஆப் காட்டும் சதவீதத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

'30% சொன்னாங்க, கொட்டித் தீர்த்துடுச்சே!'

அப்போ கணிப்பு பொய்யா? ஒரு நாளை வைத்துச் சொல்ல முடியாது. மழை எண், காற்று, ஈரப்பதம், கணினி மாதிரிகள் எல்லாவற்றையும் பார்த்துச் சொல்லும் மதிப்பீடு. புதுத் தகவல் வர வர அது மாறும். அதைச் சோதிக்க, '30%' என்று அறிவித்த 100 நாட்களை எடுத்து எண்ண வேண்டும். சுமார் 30 நாள் மழை பெய்திருந்தால் கணிப்பு சரி. 60 நாள் பெய்திருந்தால் வாய்ப்பைக் குறைத்துச் சொல்கிறார்கள். 10 நாள்தான் என்றால் கூட்டிச் சொல்கிறார்கள்.

முடிவெடுப்பது எப்படி?

மொட்டைமாடியில் ஒரு விசேஷம். ஷாமியானா வாடகை 4,000 ரூபாய், அது இல்லாமல் மழை வந்தால் 20,000 ரூபாய் நஷ்டம் என்று வைத்துக்கொள்வோம். 4,000-ஐ 20,000-ஆல் வகுத்தால் 20%. மழை வாய்ப்பு இதைத் தாண்டினால் ஷாமியானா போடுவதே லாபம். 30% என்றால் போட்டுடலாம். 10% என்றால் வேண்டாம்.

இந்தக் கணக்கில் போட வேண்டியது நிகழ்தகவைத்தான். கையில் இருப்பது ஆட்ஸ் என்றால், முதலில் இரண்டு எண்களையும் கூட்டி, அதால் வகுத்துச் சதவீதமாக மாற்றிக்கொள்ளுங்கள்.