ஒரு முயலின் அபராதம்: 1912 முதல் இன்று வரை

செஞ்சிக் கோட்டையைச் சுற்றி இருக்கிற பாறைக் குன்றும் புதர்க்காடும் முயலுக்கும் கவுதாரிக்கும் ஏற்ற இடம். இந்த இரண்டுமே 1912-ல் ஆங்கில அரசு கொண்டுவந்த காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருந்தன. ஆனா அந்தச் சட்டம் வேட்டையைத் தடை செய்யல. மாகாண அரசு அறிவிக்கிற மாதங்களில் மட்டும் கொல்லக்கூடாது, அவ்வளவுதான். முதல் தடவை மாட்டினால் அதிகபட்சம் 50 ரூபாய் அபராதம்.

1972-ல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது. அபராத வரம்பு 2,000 ரூபாய் ஆனது. 1991 திருத்தம் முயல் வேட்டையையே முழுசா தடை செய்து, வரம்பை 25,000 ஆக்கியது. 2022 திருத்தத்தில் அது ஒரு லட்சம். ஐம்பது ரூபாய் 2,000 மடங்கு ஆயிடுச்சு. பிறகு ஏன் பயம் இல்லை?

சட்ட வாசகத்தைப் பாருங்க: மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இதில் உச்சவரம்பு உண்டு, குறைந்தபட்சம் கிடையாது. சில ஆயிரம் ரூபாய் அபராதம் போட்டாலும் தீர்ப்பு சரிதான். அதே குன்றில், அதே ராத்திரி, இன்னொருவர் பையில் உடும்பு இருந்தால் கதையே வேற. உடும்பு முதல் பட்டியலில் இருக்கு. குறைந்தது மூன்று ஆண்டு சிறை, 25,000 ரூபாய் அபராதம்.

முயலுக்கு இன்னொரு வாசலும் இருக்கு. 54-வது பிரிவின்படி வனத்துறை ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, கோர்ட்டுக்குப் போகாமலே வழக்கை முடிக்கலாம். உடும்பு வழக்கில் இது முடியாது. ஒரே ஒரு முயல் பிடித்த கூலித் தொழிலாளியை வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைய விடாமல் இருக்க இது நல்ல ஏற்பாடுதான். ஆனா கறியைத் தொடர்ந்து விற்கிறவருக்கு இதே தொகை வியாபாரச் செலவு மாதிரி.

அப்போ தண்டனையைக் கூட்டினால் போதுமா? உடும்பு வழக்கே தடுமாறுகிற இடங்கள் உண்டு. தோலுரித்து, துண்டு போட்டு, குழம்பான கறி எந்த விலங்குன்னு கண்ணால் சொல்ல முடியாது. மாதிரியை சீல் வைத்து, மகஜர் எழுதி, மரபணுச் சோதனைக்கு அனுப்பணும். முயல் என்றால் "இது வளர்ப்பு முயல்" என்ற ஒரு வார்த்தையே போதும், அதை உடைக்கவும் சோதனை முடிவுதான் வேணும். போலீஸ் பிடித்தாலும், 55-வது பிரிவின்படி அதிகாரம் பெற்ற அதிகாரி புகார் தாக்கல் செய்தால்தான் கோர்ட் வழக்கை எடுக்கும். இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் மூன்று ஆண்டு சிறை என்பது காகிதத்தோடு நின்றுவிடும்.

தொகை விஷயத்திலும் ஒரு பழைய நோய் இருக்கு. ரூபாய்க் கணக்கில் எழுதிய அபராதம் தானாக உயராது. 1991-ல் கனமாக இருந்த 25,000 ரூபாய் 31 வருஷம் அப்படியே நின்றது. அதற்குள் கறி விலை எத்தனை மடங்கு ஏறியது என்று வீட்டில் கேட்டுப் பாருங்க.