ஜெரிக்கோ: முதல் பருவத்தோடு நிறுத்தப்பட்ட தொடரும் 20 டன் கடலையும்

ஜெரிக்கோ, அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 2006 செப்டம்பர் 20 அன்று தொடங்கிய தொடர். நாட்டின் பெருநகரங்கள் பல அணுகுண்டுத் தாக்குதலில் அழிந்த பிறகு, கான்சாஸ் மாநிலத்தில் ஜெரிக்கோ என்ற கற்பனைச் சிற்றூர் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பதே கதை. ஸ்கீட் உல்ரிச், லென்னி ஜேம்ஸ் முதலியோர் நடித்தனர். 22 எபிசோடுகள் ஓடியபின் 2007 மே மாதம் நிறுத்தப்பட்டு, ரசிகர்களின் கிளர்ச்சியால் மூன்றே வாரத்தில் உயிர்பெற்று, அடுத்த ஆண்டே மறுபடியும் நிறுத்தப்பட்டது. விசுவாசமான ரசிகர்கள் இருந்தும் ஒரு தொடர் ஏன் முதல் ஆண்டைத் தாண்டுவதில்லை, தாண்டவைக்க ரசிகர்களால் எந்த அளவுக்கு முடியும் என்ற இரண்டுக்கும் இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

தொடக்கம் ஒன்றும் மோசமில்லை. முதல் எபிசோடை ஒரு கோடியே பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் பார்த்தனர். நவம்பர் கடைசியில், கதை சூடுபிடித்திருந்த இடத்தில், சிபிஎஸ் தொடருக்கு இடைவேளை விட்டது. திரும்ப வந்தது பிப்ரவரி நடுவில். ஒவ்வொரு வாரமும் முந்தைய வாரத்தின் முடிச்சைப் பிடித்துக்கொண்டு போகும் கதைக்கு இரண்டரை மாத இடைவெளி நீண்டது. பாதியில் விட்டவர்களுக்குத் திரும்பி வர வழி தெரியவில்லை. புதிதாக வந்தவர்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. போதாக்குறைக்கு அந்தப் பருவத்தில் ஃபாக்ஸ் தொலைக்காட்சியின் ‘அமெரிக்கன் ஐடல்’ நாட்டையே இழுத்து வைத்திருந்தது. வசந்தகாலத்தில் ஜெரிக்கோவின் பார்வையாளர்கள் சுமார் 80 லட்சமாகக் குறைந்தனர்.

இதுவும் பெரிய கூட்டம்தானே என்று தோன்றலாம். அன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சியின் கணக்கு வேறு. விளம்பரக்காரர்கள் பணம் கொடுத்தது பெரும்பாலும் 18 முதல் 49 வயதுக்குள் இருப்பவர்களுக்காக. அவர்கள் எத்தனை பேர் என்பதைச் சொன்னது நீல்சன் நிறுவனம், அதுவும் கருவி பொருத்திய சில ஆயிரம் மாதிரி வீடுகளை வைத்து. அந்த வீடுகளில் ஒன்றில் இல்லாத ரசிகர், தொடரைப் பத்துமுறை பார்த்தாலும் கணக்கில் ஏறமாட்டார். ஜெரிக்கோவின் ரசிகர்களில் பலர் பதிவுக்கருவியில் பிடித்துவைத்து விளம்பரத்தை ஓட்டிவிட்டுப் பார்த்தவர்கள், அல்லது இணையத்தில் பார்த்தவர்கள். ஒளிபரப்பான மூன்று நாளுக்குள் விளம்பரத்தோடு பார்த்தவர்களையும் சேர்த்து விலை பேசும் முறை 2007 இலையுதிர்காலத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. ஜெரிக்கோவின் முதல் பருவத்துக்கு அது உதவவில்லை.

தயாரிப்புக் கணக்கும் முதலாண்டுத் தொடருக்கு எதிரானது. ஒளிபரப்பும் நிறுவனம் கொடுக்கும் தொகையில் ஒரு எபிசோடின் முழுச்செலவும் அடங்காது; மீதியைத் தயாரிப்பாளர் கைநட்டமாகத் தாங்குவார். அந்த நட்டம் தீர்வது, எபிசோடுகள் நூறை நெருங்கியபின் மறுஒளிபரப்பு உரிமையை விற்கும்போது. 22 எபிசோடுகளோடு நிற்கும் தொடருக்கு அந்த நாள் வெகுதூரம். எண்ணிக்கை இறங்குமுகமாக இருந்தால், இன்னும் மூன்று ஆண்டு நட்டம் சுமப்பதைவிட இப்போதே கடையைக் கட்டுவது மேல் என்றுதான் யாரும் முடிவெடுப்பார்கள். முடிவு மே நடுவில் வரும். நியூயார்க்கில் நிறுவனங்கள் அடுத்த ஆண்டின் நிகழ்ச்சிகளை விளம்பரக்காரர்களிடம் காட்டி விலைபேசும் வாரம் அது. ஜெரிக்கோ நிறுத்தப்பட்டதும் அந்த வாரத்தில்தான்.

அதற்குச் சில நாட்கள் முன்பு ஒளிபரப்பான கடைசி எபிசோடில், சரணடையச் சொல்லும் பக்கத்து ஊர்க்காரருக்கு நாயகன் ஜேக் ஒரே சொல்லில் பதில் சொல்கிறான்: ‘நட்ஸ்’. 1944 டிசம்பரில் பெல்ஜியத்தின் பாஸ்டோன் நகரில் ஜெர்மானியர் சரணடையச் சொன்னபோது அமெரிக்கத் தளபதி மெக்காலிஃப் அனுப்பிய பதில் அது. ‘போடா, பைத்தியமா’ என்ற தொனியில் சொன்னது. கொட்டைகளுக்கும் அதே சொல் என்பதால் ரசிகர்கள் வேர்க்கடலையைக் கையில் எடுத்தார்கள். நியூஜெர்சியில் ஒரு கொட்டை வியாபாரியின் இணையக் கடை இதற்கென்றே ஆர்டர் பிடித்து, சேர்த்து, சிபிஎஸ் அலுவலகங்களுக்கு அனுப்பியது. மொத்தம் சுமார் 20 டன். மின்னஞ்சலை ஒரு சொடுக்கில் அழித்துவிடலாம், மனுவை அலமாரியில் போட்டுவிடலாம். கடலை மூட்டையை யாராவது ஒருவர் தூக்கித்தான் ஆகவேண்டும். பத்திரிகைகளுக்கும் படம் கிடைத்தது.

ஆனால் கடலையால் மட்டும் ஜெரிக்கோ மீண்டது என்பது பாதிக் கதை. தொடரைத் தயாரித்ததும் சிபிஎஸ் குழுமத்தின் நிறுவனமே. பேரம் பேச வெளியாள் யாரும் இல்லை. இன்னொரு பருவம் எடுத்தால் அதன் டிவிடி விற்பனையும் வெளிநாட்டு உரிமையும் வீட்டுக்குள்ளேயே வரும். இன்னொரு விஷயம் காலம். அமெரிக்கத் தொடர்களில் நடிகர்களைப் பிடித்துவைக்கும் ஒப்பந்த உரிமை வழக்கமாக ஜூன் மாத இறுதியில் காலாவதியாகும். அதன்பின் நடிகர்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள், அரங்குகளைப் பிரித்துவிடுவார்கள். மே நடுவிலிருந்து ஜூன் இறுதிவரை உள்ள ஆறு வாரம்தான் மீட்பு இயக்கத்துக்கு உண்மையான அவகாசம். ஜெரிக்கோ ரசிகர்கள் முதல் நாளே இறங்கினார்கள். ஆறுமாதம் கழித்து அதே 20 டன்னை அனுப்பியிருந்தால் செய்தி ஆகியிருக்கும், தொடர் ஆகியிருக்காது.

ஜூன் 6 அன்று சிபிஎஸ் பொழுதுபோக்குப் பிரிவின் தலைவர் நீனா டாஸ்லர் ரசிகர்களுக்குக் கடிதம் எழுதினார். ஏழு எபிசோடுகளுக்கு அனுமதி. கூடவே ஒரு நிபந்தனை போன்ற வேண்டுகோள்: புதுப் பார்வையாளர்களைச் சேர்த்துக்கொண்டு வாருங்கள். பின்குறிப்பில், தயவுசெய்து கடலை அனுப்புவதை நிறுத்துங்கள்.

இந்த ஏழு என்ற எண்ணைக் கவனிக்கவேண்டும். முழுப் பருவம் 22. ஏழு என்பது தொடரை நம்பிக் கொடுத்ததல்ல. தோற்றாலும் பெரிதாகக் கைகடிக்காத சோதனை. இரண்டாம் பருவம் 2008 பிப்ரவரி 12 அன்று செவ்வாய் இரவு பத்து மணிக்குத் தொடங்கியது. எழுத்தாளர் வேலைநிறுத்தத்தால் மற்ற தொடர்கள் புது எபிசோடு இல்லாமல் தவித்த நேரம் அது. கையில் தயாராக இருந்த ஜெரிக்கோவுக்கு நல்ல வாய்ப்பு. இருந்தும் சுமார் 70 லட்சம் பேரோடு தொடங்கி, 60 லட்சத்தை ஒட்டி இறங்கியது. பழைய ரசிகர்கள் வந்தார்கள். அவர்கள் அழைத்துவர வேண்டியவர்கள் வரவில்லை. தயாரிப்பாளர்கள் இதை ஓரளவு எதிர்பார்த்தே இருந்தனர். கடைசி எபிசோடுக்கு இரண்டு முடிவுகளைப் படம்பிடித்து வைத்திருந்தார்கள், தொடர்வதற்கு ஒன்று, முடிப்பதற்கு ஒன்று. மார்ச்சில் தொடர் மறுபடி நிறுத்தப்பட, முடிக்கும் முடிவு ஒளிபரப்பானது. கதை பிறகு படக்கதைப் புத்தகமாகத் தொடர்ந்தது.

ஜெரிக்கோவின் வழியிலேயே போன தொடர்களும் உண்டு. என்பிசியின் ‘டைம்லெஸ்’ 2017 மே மாதம் முதல் பருவத்தோடு நிறுத்தப்பட்டு, மூன்றே நாளில் முடிவு மாற்றப்பட்டது. மறுபடியும் குறுகிய பருவம், பத்து எபிசோடுகள். 2018இல் மறுபடியும் நிறுத்தம். ரசிகர்களின் வற்புறுத்தலுக்காக அந்த டிசம்பரில் இரண்டு மணி நேர நிறைவுப் பகுதி. ‘ஃபயர்ஃபிளை’ வேறு வழியில் போனது. ஃபாக்ஸ் அதை 2002இல் வெள்ளிக்கிழமை இரவில் வரிசை மாற்றி ஒளிபரப்பியது. கதையை அறிமுகப்படுத்தும் முதல் எபிசோடே கடைசியில்தான் வந்தது. எடுத்த 14இல் 11 மட்டுமே ஒளிபரப்பாகி நின்றது. மீட்டது மூட்டைகளல்ல, அடுத்த ஆண்டு வந்த டிவிடியின் விற்பனை. அதைப் பார்த்து யுனிவர்சல் நிறுவனம் 2005இல் ‘செரினிடி’ என்ற திரைப்படமாக எடுத்தது. படம் திரையரங்குகளில் ஈட்டியது ஏறக்குறைய அதன் தயாரிப்புச் செலவளவே. இரண்டாவது படம் வரவில்லை.

இணைய ஒளிபரப்பு வந்தபின் மாதிரி வீடுகள் தேவையில்லை. யார், எவ்வளவு பார்த்தார்கள் என்பது நிறுவனத்துக்கு நேராகவே தெரியும். 2019இல் பிரிட்டன் நாடாளுமன்றக் குழுவுக்கு நெட்ஃபிளிக்ஸ் தந்த விளக்கப்படி, பார்க்கத் தொடங்கியவர்களையும் பருவத்தின் 90 சதவீதத்தை முடித்தவர்களையும் தனித்தனியாக எண்ணி, முதல் 7 நாட்களிலும் முதல் 28 நாட்களிலும் அந்நிறுவனம் அப்போது கணக்கெடுத்தது. வெளியாகி மூன்று மாதம் கழித்து நண்பர் சொல்லித் தொடரைக் கண்டுபிடித்த ரசிகர், எவ்வளவு நேசித்துப் பார்த்தாலும், இந்த 28 நாள் கணக்கில் வரவில்லை.