தீக்காயத்துக்கு அந்த வெள்ளை க்ரீம்: எங்கிருந்து வந்தது, எப்போ போதாது?

1/ சுந்தரபாண்டியத்துல கையில எண்ணெய் தெறிச்சாலும் சரி, சிவகாசி பக்கம் பட்டாசு மருந்து பத்திக்கிட்டாலும் சரி, மெடிக்கல்ல முதல்ல கேக்குறது அந்த வெள்ளை க்ரீமைத்தான். பேரு சில்வர் சல்ஃபாடயசின். அதோட கதையைக் கொஞ்சம் பாப்போம்.

2/ கருகிய தோல்ல ரத்த ஓட்டம் கிடையாது. ஊசியில போடுற மருந்து அங்க சரியா போய்ச் சேராது. 1960-கள்ல பெரிய தீக்காயத்துல முதல் சில நாள் தப்பிச்சவங்களைக்கூட, புண்ணுல வளர்ற சூடோமோனாஸ் கிருமி கொன்னுச்சு. அதனால மேல போடுற மருந்தைத் தேடினாங்க.

3/ 1965-ல் அமெரிக்க சர்ஜன் மோயர், 0.5% சில்வர் நைட்ரேட் கரைசல்ல நனைச்ச கட்டைப் போட்டார். கிருமி குறைஞ்சது. ஆனா கட்டு எப்பவும் ஈரமா இருக்கணும். பட்ட இடமெல்லாம் கறுத்துப்போகும். உடம்பு உப்பும் வெளியேறும். 1968-ல் நியூயார்க்கில் சார்லஸ் ஃபாக்ஸ், வெள்ளியை சல்ஃபா மருந்தோட சேர்த்து க்ரீம் ஆக்கினார். பூசுறது சுலபம், வலியும் குறைவு. உலகம் முழுக்கப் பரவிடுச்சு.

4/ அப்புறம்தான் அதோட குறை தெரிஞ்சது. தினமும் கழுவித் திரும்பப் பூசும்போது புதுசா வளர்ற தோலும் உரியும். 1991-ல் சோலாப்பூர்ல டாக்டர் சுப்ரமணியம் 104 பேர்கிட்ட பாதிப்பேருக்கு சுத்தமான தேனும், பாதிப்பேருக்கு இந்த க்ரீமும் போட்டுப் பாத்தார். 15 நாள்ல ஆறினது தேன்ல 87%, க்ரீம்ல 10%. ஒரே ஒரு சின்ன ஆய்வுதான். அதை நம்பி வீட்டுத் தேனைப் பூசாதீங்க. ஆனா பின்னாடி வந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பாத்தப்பவும், மேலோட்டமான காயத்துல க்ரீமைவிட மத்த கட்டுகள்லதான் புண் சீக்கிரம் ஆறுச்சு.

5/ நம்ம சென்னை அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கின கொலாஜன் படலமும் அப்படி ஒண்ணு. சுத்தமான புதுக் காயத்துல ஒட்டிட்டா தினமும் பிரிக்க வேண்டாம். ஆனா சீழ் பிடிச்ச புண்ணு மேல அதை ஒட்டக்கூடாது.

6/ சரி, சீழ் பிடிச்சிருக்கான்னு எப்படித் தெரியும்? ஒரு உதாரணம். முழங்கையில வெந்நீர் கொட்டி 4-வது நாள். மேல மஞ்சள் படலம், ஓரத்துல மெல்லிய சிவப்பு, காய்ச்சல் இல்ல. இது பெரும்பாலும் சீழ் இல்ல. க்ரீமும் புண் நீரும் சேர்ந்து உறைஞ்ச படலம். கழுவினா அடியில ரோஸ் நிறத் தோல் தெரியும். ஆன்டிபயாடிக் மாத்திரை வேண்டாம். சிவப்போட ஓரத்துல பேனாவால கோடு போட்டு வைங்க.

7/ 5-வது நாள் சிவப்பு கோட்டைத் தாண்டி ரெண்டு விரல் பரவியிருக்கு. தொட்டா சுடுது, வலி கூடிட்டே போகுது. இப்போ க்ரீம் போதாது. கிருமி உயிருள்ள தோலுக்குள்ள போயிடுச்சு. ரத்தம் வழியா போற ஆன்டிபயாடிக் வேணும். புண்ணுல இருந்து கல்ச்சர் எடுத்துட்டு மருந்தைத் தொடங்குவாங்க.

8/ புண்ணுல கறுப்பு, ஊதாத் திட்டு, பச்சை நீர், நாத்தம், ஆறிட்டு வந்த இடம் திரும்ப ஆழமாகுறது, குளிர்நடுக்கம், வேகமான மூச்சு, குழப்பம், சிறுநீர் குறையுறது, குழந்தைக்குக் காய்ச்சலோட வாந்தி, பேதி, உடம்புல சிவப்புத் தடிப்பு: இதுல எது வந்தாலும் அன்னைக்கே ஸ்ரீவில்லிபுத்தூர் இல்லேன்னா ராஜபாளையம் அரசு மருத்துவமனைக்குப் போங்க. பெரிய தீக்காயத்துல வெறும் காய்ச்சல் மட்டும் கிருமி இல்லாமலும் வரும். அதனாலதான் நாங்க தினமும் புண்ணைத் திறந்து பாக்குறோம்.