ராயல்டிக் கணக்கு: குத்தகைதாரர் ஏடுகளில் குறைந்தபட்ச வாடகையும் குறைவேலையும்

ராயல்டி என்பது ஒருவருக்குச் சொந்தமான சுரங்கம், குவாரி, காப்புரிமை, நூல் போன்றவற்றை இன்னொருவர் பயன்படுத்தும்போது, பயன்பாட்டின் அளவுக்கேற்பச் சொந்தக்காரருக்குத் தரும் தொகை. வீட்டு வாடகை மாதம் பார்த்துக் கணக்கிடப்படும். ராயல்டி டன் பார்த்தோ பிரதி பார்த்தோ கணக்கிடப்படும். எனவே குத்தகைதாரர் வேலையே செய்யாமல் இருந்தால் சொந்தக்காரருக்கு ஒன்றும் வராது. அந்த நிலை வராமலிருக்க, எவ்வளவு வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் ஆண்டுக்கு இவ்வளவு தந்தாக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வார்கள். அதுதான் குறைந்தபட்ச வாடகை. ராயல்டி அதற்குக் கீழே போகும் ஆண்டில் விழும் வித்தியாசம் குறைவேலை. வணிகவியல் வகுப்புகளில் ‘ஷார்ட்வொர்க்கிங்’ என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம்.

குறைவேலையைப் பின்னர் கழித்துக்கொள்ளலாமா என்பதை ஒப்பந்தம்தான் சொல்ல வேண்டும். கழிக்கும் உரிமை இல்லையென்றால் கணக்கில் குறைவேலை என்ற தலைப்பே எழாது. கட்டிய முழுத் தொகையும் அந்த ஆண்டின் செலவு. இந்தியாவில் அரசு தரும் சுரங்கக் குத்தகை இந்த வகைதான். 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டத்தின் 9A பிரிவு, ராயல்டி, நிலைவாடகை இரண்டில் எது அதிகமோ அதைக் கட்டச் சொல்கிறது. இந்த ஆண்டு கூடுதலாகக் கட்டியதை அடுத்த ஆண்டு ராயல்டியில் கழித்துக்கொள்ள அதில் வழியில்லை. பாடநூல் கணக்குகளில் நிலக்கரிச் சுரங்கக்காரர்கள் தாராளமாகக் கழித்துக்கொண்டே போவதைப் படித்துவிட்டு அரசுக் குத்தகையிலும் அதையே செய்யப் பார்ப்பது தவறு. கழிக்கும் உரிமை தனியார் ஒப்பந்தங்களில் வரும் விஷயம்.

அப்படி ஒரு தனியார் ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். பட்டா நிலத்தில் கல் வெட்ட ஒருவர் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். நிலக்காரருக்கு டன்னுக்கு 20 ரூபாய் ராயல்டி, ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 2,00,000 ரூபாய். அரசுக்குக் கட்டும் சீனியரேஜ் தொகை தனிக்கணக்கு. இங்கே அதைச் சேர்க்க வேண்டாம். எந்த ஆண்டில் குறைவேலை விழுந்தாலும் அதற்கு அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் கழித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் சொல்கிறது. வெட்டியது முதல் ஆண்டில் 4,000 டன், இரண்டாம் ஆண்டில் 7,000, மூன்றாம் ஆண்டில் 12,000, நான்காம் ஆண்டில் 15,000.

முதல் ஆண்டில் ராயல்டி 80,000 ரூபாய்தான். ஆனால் 2,00,000 கட்டியாக வேண்டும். குறிப்பேட்டில் பதிவு இப்படி விழும்:

ராயல்டி க/கு பற்று 80,000
குறைவேலை க/கு பற்று 1,20,000
நிலக்காரர் க/கு வரவு 2,00,000

பணம் கட்டும்போது நிலக்காரர் கணக்கில் பற்று, வங்கிக் கணக்கில் வரவு. ஆண்டு முடிவில் ராயல்டியின் 80,000 மட்டும் உற்பத்திக் கணக்குக்குப் போகும். 1,20,000 இலாப நட்டக் கணக்கைத் தொடாமல் சொத்தாக இருப்புநிலைக் குறிப்பில் நிற்கும். பெரும்பாலோர் சறுக்கும் முதல் இடம் இதுதான்: கட்டியது இரண்டு இலட்சம் என்பதால் இரண்டு இலட்சத்தையும் செலவில் தள்ளிவிடுவார்கள்.

இரண்டாம் ஆண்டில் ராயல்டி 1,40,000, குறைவேலை 60,000. சொத்துப் பக்கம் இப்போது 1,80,000 ஆகிறது. இதை ஒரே தொகையாக நினைத்துவிடக் கூடாது. அதற்குள் வெவ்வேறு கெடுவுள்ள இரண்டு தொகைகள் இருக்கின்றன: முதல் ஆண்டுத் தொகை மூன்றாம் ஆண்டு முடிவோடு செத்துவிடும், இரண்டாம் ஆண்டுத் தொகைக்கு நான்காம் ஆண்டுவரை உயிர் உண்டு. பேரேட்டில் ஆண்டுக்கு ஒரு வரி ஒதுக்கி வைத்துக்கொண்டால்தான் இது கண்ணில் படும்.

மூன்றாம் ஆண்டில் ராயல்டி 2,40,000. குறைந்தபட்சத்தைத் தாண்டிய 40,000 வரைதான் கழிக்க முடியும். கையில் 1,80,000 இருக்கிறதே என்று அதற்கு மேல் கழித்தால் நிலக்காரருக்கு இரண்டு இலட்சத்துக்குக் குறைவாகப் போகும்; குறைந்தபட்சம் என்ற சொல்லுக்கே பொருள் போய்விடும். கழிக்கும் 40,000 பழைய தொகையிலிருந்து, அதாவது முதல் ஆண்டின் 1,20,000இலிருந்து கழியும். ராயல்டி கணக்கில் 2,40,000 பற்று. நிலக்காரருக்கு 2,00,000 வரவு, குறைவேலைக்கு 40,000 வரவு. முதல் ஆண்டுத் தொகையில் மிஞ்சிய 80,000க்கு இனி வழியில்லை. அதை இலாப நட்டக் கணக்குக்கு மாற்ற வேண்டும்:

இலாப நட்டக் க/கு பற்று 80,000
குறைவேலை க/கு வரவு 80,000

நன்றாக ஓடிய ஆண்டில் பழைய நட்டம் வந்து உட்காருவது குவாரிக்காரருக்குக் கசப்பாகத்தான் இருக்கும். ஆனால் உற்பத்திக் கணக்குக்குப் போவது மூன்றாம் ஆண்டின் உண்மையான ராயல்டியான 2,40,000 மட்டுமே. இறந்த 80,000ஐ அதில் கலந்தால் டன் அடக்க விலை வீணாக ஏறிக் காட்டும்.

நான்காம் ஆண்டில் ராயல்டி 3,00,000. மிகை ஒரு இலட்சம் இருந்தாலும் கையிலுள்ள குறைவேலை 60,000தான். அது முழுவதும் கழிந்து நிலக்காரருக்கு 2,40,000 போகும். குறைவேலைக் கணக்கு மூடப்படும்.

கணக்கு சரிதானா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. நான்கு ஆண்டுகளில் நிலக்காரருக்குப் போனது 8,40,000. செலவாக எழுதியது ராயல்டி 7,60,000, இறந்த குறைவேலை 80,000. கூட்டினால் அதே 8,40,000. இடையில் எந்த ஆண்டில் நிறுத்தினாலும், அதுவரை கட்டியது, அதுவரை எழுதிய செலவும் அன்று சொத்தாக நிற்கும் குறைவேலையும் சேர்ந்த தொகைக்குச் சமமாக வேண்டும். சமமாகவில்லை என்றால் பதிவிலோ கூட்டலிலோ பிழை. கெடு தாண்டிய தொகையைச் சொத்தாகவே விட்டுவைத்த பிழையை இந்தச் சோதனை காட்டாது. அதற்கு ஒப்பந்தத்தையும் ஆண்டுவாரி வரியையும் பார்த்தாக வேண்டும்.

ஒப்பந்தத்தின் ஒரு வரி எண்களை எவ்வளவு மாற்றும் என்பதற்கு, கெடுவை மட்டும் மாற்றிப் பாருங்கள். ‘அடுத்த இரண்டு ஆண்டுகள்’ என்பதற்குப் பதில் ‘குத்தகையின் முதல் மூன்று ஆண்டுகள்’ என்று இருந்தால் மூன்றாம் ஆண்டு முடிவில் எல்லாக் கணக்கும் தீர்ந்துவிடும். 40,000 கழிந்தபின் மிஞ்சும் 1,40,000 மொத்தமும் அன்றே நட்டம். நான்காம் ஆண்டில் கழிக்க ஒன்றுமில்லை; 3,00,000 முழுதாகக் கட்ட வேண்டும். முந்தைய ஏற்பாட்டைவிட 60,000 ரூபாய் கூடுதல் செலவு. முதல் வகையை நகரும் கெடு என்றும் இரண்டாவதை நிலைத்த கெடு என்றும் பிரித்துக்கொள்ளலாம். தேர்வுக் கேள்வியில் இந்த ஒரு சொற்றொடரைத் தவறாகப் படித்தவர்களின் விடை முழுவதும் சாய்ந்துவிடும்.

வேலைநிறுத்தத்தால் குவாரி நின்றால் குறைந்தபட்சத்தை அதற்கேற்பக் குறைக்கலாம் என்ற விதியும் சில ஒப்பந்தங்களில் இருக்கும். மூன்று மாதம் நின்றால் 2,00,000 என்பது அந்த ஆண்டுக்கு 1,50,000 ஆகும். குறைவேலையையும் அதை வைத்தே கணக்கிட வேண்டும். விதி இல்லையென்றால் வேலைநிறுத்தத்தின் சுமை முழுவதும் குத்தகைதாரர் தலையில்தான்.

குறைவேலையைச் சொத்தாக வைப்பதற்குக் கெடு இருப்பது மட்டும் போதாது. அது திரும்பும் என்று நம்பக் காரணமும் வேண்டும். முதல் ஆண்டின் 1,20,000ஐ டன்னாக மாற்றினால் 6,000 டன். அதாவது அடுத்த இரண்டு ஆண்டுகளில், குறைந்தபட்ச வாடகைக்கு ஈடான ஆண்டுக்கு 10,000 டன் என்ற மட்டத்துக்கு மேல் மொத்தம் 6,000 டன் வெட்டினால்தான் அது முழுவதும் திரும்பும். குவாரியிலிருக்கும் இயந்திரமும் ஆளும் ஆண்டுக்கு 9,000 டன்னுக்கு மேல் தாங்காது என்று தெரிந்தால், கெடு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்தத் தொகையை அப்போதே நட்டத்தில் எழுதிவிட வேண்டும்.